கரையாத புரதம்: பார்க்கின்சன் நோயில் நரம்புச் செல்லுக்குள் படிவு சேர்வது ஏன்?



பார்க்கின்சன் நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்த ஒருவரின் நடுமூளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நோய் எங்கே இருந்தது என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். நலமாக இருந்தவரின் நடுமூளையில் இரண்டு பக்கமும் பிறை போல ஒரு கருங்கோடு வளைந்து ஓடும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று அதற்குப் பெயர். நான் இன்று கருந்திட்டு என்றே சொல்கிறேன். அங்கே இருக்கும் நரம்புச் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் செய்கின்றன. செய்யச் செய்ய உள்ளே நிறமி சேர்கிறது. கோட்டின் கருமைக்கு அந்த நிறமிதான் காரணம். நோயாளியின் மூளையில் அந்தக் கோடு வெளுத்துப் போயிருக்கும். நிறமியைச் சுமந்த செல்களில் பெரும்பகுதி செத்துவிட்டன.

அதே இடத்திலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழே வையுங்கள். மிஞ்சியிருக்கும் செல்களில் ஒன்றிரண்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். செல்லின் பழுப்புத் துகள்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். அவை விட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கும்; நடுவில் அடர்த்தியாக, ஓரத்தில் வெளிறிய வளையத்தோடு. பெரும்பாலும் ரத்தச் சிவப்பணுவைவிடப் பெரிதாகவே இருக்கும். ஜெர்மனியில் பணியாற்றிய ஃபிரெடரிக் லூயி 1912-இல் இத்தகைய உருண்டைகளை மூளையின் வேறு சில பகுதிகளில் கண்டு எழுதினார். 1919-இல் பாரிஸில் ட்ரெட்டியாகோஃப் அவற்றைக் கருந்திட்டிலேயே கண்டு, லூயியின் பெயரை வைத்தார். அன்று முதல் அவை லூயி உருண்டைகள்.

அந்த உருண்டை எதனால் ஆனது என்பது தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கேம்பிரிட்ஜில் மரியா கிராசியா ஸ்பில்லாண்டினி, மிஷெல் கெடர்ட் குழுவினர் அதன் முதன்மைப் பொருள் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் என்று காட்டினார்கள். நம் எல்லோருடைய மூளையிலும் தாராளமாக இருக்கும் புரதம் அது. எல்லோரிடமும் இருக்கும் ஒரு பொருள் சிலரின் செல்லுக்குள் மட்டும் ஏன் கட்டிப்போகிறது? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். அல்சைமர், ஹண்டிங்டன், ஏ.எல்.எஸ். ஆகிய நோய்களிலும் வேறு வேறு புரதங்கள் இப்படிப் படிகின்றன. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பது நல்லது என்று நினைத்து, எனக்கு நன்கு பழக்கமான பார்க்கின்சனையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்தப் புரதத்தைப் பார்ப்போம். 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி அது. பெரும்பாலான புரதங்கள் செய்யப்பட்ட உடனே தமக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்துகொள்ளும். அந்த வடிவத்தில்தான் வேலை செய்யும். ஆல்ஃபா சைனியூக்ளின் அப்படியல்ல. நீரில் தனியாக இருக்கும்போது அதற்கு நிலையான வடிவமே கிடையாது, நெளிந்துகொண்டே இருக்கும். நரம்புச் செல்லின் முனைகளில், வேதிச் செய்திகளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகளின் சவ்வில் ஒட்டும்போதுதான் அதன் பெரும்பகுதி சுருள் வடிவம் பெறுகிறது. அந்தப் பைகளை ஒழுங்காகத் திரட்டி வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆக, செல்லுக்குள் இது இரண்டு நிலையில் வாழ்கிறது: சவ்வில் ஒட்டிய நிலை, ஒட்டாமல் திரியும் நிலை.

சங்கிலியின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 61-ஆவது அமினோ அமிலம் தொடங்கி 95 வரை, தண்ணீரை விரும்பாத ஒரு நீட்டம் இருக்கிறது. சவ்வில் ஒட்டியிருக்கும்போது அது அங்கே அடங்கியிருக்கும். திரியும் நிலையில் அது வெளியே தெரியும். அப்படித் திரியும் இரண்டு சங்கிலிகள் எதிர்ப்பட்டு, இந்த நீட்டங்கள் தட்டையாகப் படிந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அவை உடனே பிரிந்துவிடும். மிக அரிதாகச் சில சங்கிலிகள் சரியான கோணத்தில் சேர்ந்து நிலைத்துவிடுகின்றன. நிலைத்துவிட்டால் அடுத்து வரும் சங்கிலிக்கு ஒட்டுவதற்குத் தயாரான ஒரு முனை கிடைத்துவிடுகிறது. அது ஒட்டிய பிறகு அதன் முனையில் இன்னொன்று. இப்படியே நீண்ட இழையாகிவிடும். அமிலாய்டு இழை என்று இதைச் சொல்கிறோம். இழையின் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே நீளம் முழுவதும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதால் அது எளிதில் பிரிவதில்லை, கரைவதில்லை.

இதைச் சோதனைச் சாலையில் கண்ணால் பார்க்கலாம். தூய்மையாக்கிய புரதக் கரைசலை 96 குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, தயோஃப்ளேவின்-டி என்ற சாயத்தைக் கலந்து, 37 டிகிரி சூட்டில் குலுக்கிக்கொண்டே இருப்போம். இழை உண்டானால் சாயம் அதில் ஒட்டி ஒளிரும். கருவி அந்த ஒளியை அளந்து கோடாக வரையும். நெடுநேரம் கோடு தரையோடு தரையாகப் போகும். ஒன்றும் நடக்கவில்லையோ என்று தோன்றும். பிறகு திடீரென்று ஏறும். சில மணி நேரத்தில் உச்சிக்குப் போய் அங்கே நின்றுவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே புட்டியிலிருந்து ஒரே அளவு ஊற்றிய குழிகள் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒன்று முதல் நாள் ஏறும். பக்கத்துக் குழி மூன்றாம் நாள் ஏறும். சில குழிகள் கடைசிவரை ஏறாமலே கிடக்கும். முதல் சேர்க்கை என்பது தற்செயல் நிகழ்ச்சி என்பதற்கு இதுவே சான்று.

இப்போது அதே தட்டில், முன்பே செய்து வைத்த இழைகளை நொறுக்கி ஒரு துளி சேர்த்துப் பாருங்கள். காத்திருப்பே இல்லை. கோடு தொடக்கத்திலேயே ஏறத் தொடங்கும். கற்கண்டு செய்பவர்கள் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிடுவது ஏன் என்று யோசித்தால் இது விளங்கும். பாகில் கரையக்கூடியதற்கு மேல் சர்க்கரை இருக்கிறது; ஆனாலும் படிகம் தொடங்க ஒரு பிடிமானம் இல்லாமல் அது பாகாகவே இருக்கிறது. நூலைப் பற்றி ஒரு படிகம் உண்டானதும் மற்றதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் நரம்புச் செல்லின் முனையில் ஆல்ஃபா சைனியூக்ளின் ஏறக்குறைய இப்படிப்பட்ட பாகாகத்தான் இருக்கிறது. கட்டிப்போவதற்கு வேண்டிய அளவு அங்கே எப்போதும் உண்டு. கட்டிப்போகாமல் இருப்பது, தொடக்கம் அரிது என்பதாலும், தொடங்கியதைச் செல் உடனுக்குடன் அழித்துவிடுவதாலும்தான்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. தொடக்கத்துக்கு நான்கு சங்கிலிகள் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். செறிவு இருமடங்கானால் அவை சேரும் வாய்ப்பு இருமடங்காகாது. இரண்டை நான்கு முறை பெருக்க வேண்டும், பதினாறு மடங்காகும். அதாவது புரதத்தின் அளவில் சிறு ஏற்றம்கூட, தொடக்கம் நிகழ்வதற்கு எடுக்கும் காலத்தை வெகுவாகச் சுருக்கிவிடும். இது சோதனைத் தட்டின் கணக்கு. மனித மூளையிலும் இது செல்லுமா?

செல்லும் என்று காட்டியது அமெரிக்காவில் அயோவா குடும்பம் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் ஒரு பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன் வந்துகொண்டிருந்தது. அதுவும் முப்பது வயதுகளில், மறதி நோயும் சேர்ந்து, விரைவாக முற்றும் வகையில். 2003-இல் ஆண்ட்ரூ சிங்கிள்டன் குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். ஆல்ஃபா சைனியூக்ளினுக்கான மரபணு நம் எல்லோருக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். இவர்களுக்கு ஒரு குரோமோசோமில் அந்தப் பகுதி மூன்று முறை வந்திருந்தது. மற்றதில் வழக்கம்போல ஒன்று. ஆக மொத்தம் நான்கு. மரபணுவின் எழுத்தில் பிழை ஏதும் இல்லை. செய்யப்பட்ட புரதம் உங்களிடமும் என்னிடமும் இருப்பதே. அளவு மட்டும் ஏறத்தாழ இருமடங்கு.

அடுத்த ஆண்டே வேறு குடும்பங்களில் மூன்று பிரதிகள் உள்ளவர்கள் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்கும் நோய் வந்தது. ஆனால் பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பகுதியிலோ ஐம்பதுகளிலோ, சாதாரணப் பார்க்கின்சனைப் போன்ற போக்கில் வந்தது. இரண்டு பிரதிகள் உள்ள நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க வருவதில்லை. வருபவர்களுக்கு வழக்கமாக அறுபதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிறது. நான்கு, மூன்று, இரண்டு என்று பிரதிகள் குறையக் குறைய நோய் தள்ளிப்போகிறது. இந்த ஏணியைவிடத் தெளிவான சான்றை நான் இந்தத் துறையில் பார்த்ததில்லை. மடிப்பு பிறழ்வதற்குப் பிழையான புரதம் தேவையில்லை. சரியான புரதமே அதிகமாக, நீண்ட காலம் இருந்தால் போதும்.

பிழையான புரதமும் இதைச் செய்யும். தெற்கு இத்தாலியில் சலேர்னோ மாகாணத்தில் கொன்டுர்சி என்ற மலை ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஒரு பகுதியினர் அமெரிக்காவில் குடியேறிய பெரிய குடும்பத்தில், சராசரியாக 46 வயதளவில் நோய் வந்தது. 1997-இல் அவர்களிடமும் சில கிரேக்கக் குடும்பங்களிடமும் ஒரே மாற்றம் கண்டறியப்பட்டது: 53-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய அலனினுக்குப் பதில் திரியோனின். ஒரே ஓர் அமினோ அமிலம். இந்த மாற்றம் பெற்ற புரதம் சோதனைத் தட்டில் வழக்கமானதைவிட வேகமாக இழையாகிறது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: எலிகளுக்கு இயற்கையாகவே அந்த இடத்தில் திரியோனின்தான். அவற்றுக்கு இந்த நோய் வருவதில்லை. எலியின் புரதத்தில் வேறு இடங்களிலும் வேறுபாடு உண்டு. அதன் வாழ்நாளும் இரண்டு மூன்று ஆண்டுதான். தட்டில் வேகமாகக் கட்டுவது மட்டுமே நோயாகிவிடாது. காலம் வேண்டும், அழிக்கும் வேலை பின்தங்க வேண்டும்.

அழிக்கும் வேலைக்கு வருகிறேன். பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாத பாதி இது என்பது என் எண்ணம்.

வேண்டாத புரதத்தை அழிக்கச் செல்லிடம் இரண்டு வழிகள். முதலாவது புரோட்டியசோம் என்ற குழாய் வடிவ எந்திரம். புரதத்தை ஒற்றைச் சங்கிலியாக விரித்து உள்ளே இழுத்துத் துண்டாக்கும். அதன் வாயில் ஒன்றரை நானோமீட்டர்கூட இராது. ஆல்ஃபா சைனியூக்ளின் இழையின் தடிமனோ சுமார் பத்து நானோமீட்டர். தனிச் சங்கிலி உள்ளே போகும், இழை போகாது. கட்டிப்போன பிறகு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது வழி லைசோசோம் என்ற அமிலப் பை. பெரிய குப்பைகளைச் சவ்வால் சுற்றி மூட்டையாக்கி அதில் கொண்டு போய்ச் சேர்க்கும் முறை இருக்கிறது. தனிப் புரதங்களை ஒவ்வொன்றாக லைசோசோமின் சுவரில் உள்ள ஒரு கதவு வழியே உள்ளே இழுக்கும் முறையும் உண்டு. வழக்கமான ஆல்ஃபா சைனியூக்ளின் இந்தக் கதவு வழியாகவும் போகிறது. கொன்டுர்சி குடும்பத்தின் மாறிய புரதம் அந்தக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே போவதில்லை. வாசலிலேயே நின்று மற்றப் புரதங்களையும் மறித்துவிடுகிறது. அனா மரியா குயர்வோவின் குழு 2004-இல் இதைக் காட்டியது. தான் அழியாததோடு, அழிக்கும் வழியையே அடைக்கும் புரதம் அது.

லைசோசோமைப் பற்றி மிக முக்கியமான துப்பு வேறொரு நோயிலிருந்து வந்தது. கோஷே நோய் என்று குழந்தைகளையும் பெரியவர்களையும் தாக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி சரியாக இல்லாததால் ஒரு வகைக் கொழுப்பு லைசோசோம்களில் சேர்ந்து, மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும். அந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் அந்த நோய். ஒரு பிரதி மட்டும் கெட்ட பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். ஆனால் அந்தக் குடும்பங்களில் பார்க்கின்சன் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து எலன் சிட்ரான்ஸ்கி தலைமையில் 2009-இல் வந்த ஆய்வு, பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்த மரபணு மாற்றம் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று காட்டியது. மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் இந்தத் தொடர்பு? அந்த நொதி குறைந்தால் கொழுப்பு தேங்குகிறது. லைசோசோமின் வேலை மந்தமாகிறது. ஆல்ஃபா சைனியூக்ளின் அழிவது குறைகிறது. தேங்கிய கொழுப்பு அந்தப் புரதத்தின் கட்டிப்போகும் போக்கையும் தூண்டுகிறது. சேர்ந்த புரதமோ, புதிதாகச் செய்யப்பட்ட நொதி லைசோசோமுக்குப் போய்ச் சேர்வதைத் தடுக்கிறது. நொதி இன்னும் குறைகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலில் எது முதலில் தொடங்கியது என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவருக்கு மரபணுவால் நொதி பழுது; இன்னொருவருக்கு முதுமையால் லைசோசோம் தளர்ச்சி. சென்று சேரும் இடம் ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. லைசோசோமின் உட்புறம் அமிலத்தன்மை உடையது. சோதனைத் தட்டில் கரைசலைச் சற்று அமிலமாக்கினால், இழைகளின் பக்கவாட்டுப் பரப்பிலேயே புதிய இழைகள் தோன்றும் வேகம் பெரிதும் கூடுகிறது. ஆக அழிக்கும் இடமே, அழிக்க முடியாமல் போனால், பெருக்கும் இடமாகிவிடக்கூடும். உயிருள்ள நரம்புச் செல்லில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று அளப்பது கடினம். ஆனால் கட்டிகளோடு லைசோசோம்களும் பின்னிக் கிடப்பதைப் பார்க்கும்போது இந்தக் கருத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நரம்புச் செல்லுக்கே இது ஏன் நேர்கிறது என்று கேட்பீர்கள். தோல் செல்லோ குடல் செல்லோ பிளவுபடும்போது உள்ளே உள்ள குப்பை இரண்டாகப் பங்கு போகும். பழைய செல்கள் உதிர்ந்தும் போகும். நரம்புச் செல் பிளவுபடுவதில்லை. பிறக்கும்போது இருந்த செல்தான் எண்பது வயதிலும். எழுபது ஆண்டுகளாக நாள்தோறும் சற்றே மிஞ்சினால் அது மிஞ்சியதுதான்.

அதிலும் கருந்திட்டுச் செல்களின் நிலைமை தனி. எலியில் இத்தகைய ஒற்றைச் செல்லின் நாரைக் கிளை கிளையாகப் பின்தொடர்ந்து அளந்தபோது மொத்த நீளம் சராசரியாக அரை மீட்டரை நெருங்கியது. எலியின் மூளை எவ்வளவு சிறியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதரில் இது பல மீட்டர் இருக்கும் என்பது கணிப்பு. ஒரே செல்லுக்கு லட்சக்கணக்கில் முனைகள். ஆல்ஃபா சைனியூக்ளின் குவிந்திருப்பது அந்த முனைகளில். முழு வலிமை உள்ள லைசோசோம்கள் இருப்பதோ பெரும்பாலும் செல்லின் உடலில். முனையில் மூட்டை கட்டிய குப்பை நார் வழியே நெடுந்தூரம் திரும்பிப் பயணம் செய்ய வேண்டும். இந்தச் செல்கள் ஓய்வில்லாமல் தாமாகவே துடித்துக்கொண்டும் இருக்கின்றன; ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியே தள்ள ஆற்றல் செலவாகிறது. பராமரிப்புக்கு மிஞ்சுவது குறைவு.

இதுவரை சொன்னது ஒரு செல்லுக்குள் நடப்பது. படிவு ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகிறது என்பதை நம்ப வைத்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும், இழந்த டோபமின் செல்களை ஈடுசெய்ய, கருவிலிருந்து எடுத்த நரம்புச் செல்களைச் சில நோயாளிகளின் மூளையில் பதித்தார்கள். சிலருக்கு அந்தச் செல்கள் வேரூன்றி ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன. அவர்கள் இறந்த பிறகு மூளையைச் சோதித்த முடிவுகள் 2008-இல் ஒரே நேரத்தில் இரு குழுக்களிடமிருந்து வந்தன. சிகாகோவில் ஜெஃப்ரி கோர்டோவர் குழுவினர் பதித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆன செல்களிலும், சுவீடனில் லுண்ட் நகரக் குழுவினர் பதினோரு, பதினாறு ஆண்டுகள் ஆன செல்களிலும் லூயி உருண்டைகளைக் கண்டார்கள். கருவிலிருந்து வந்த செல்களின் வயது பதினைந்தை ஒட்டியதுதான். பதினைந்து வயதுப் பிள்ளையின் மூளையில் லூயி உருண்டை இருப்பதில்லை. நோயாளியின் மரபணுவும் அந்தச் செல்களில் இல்லை, அவை வேறொருவருடையவை. பிறகு எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்த நோயுற்ற செல்களிலிருந்து இழைத் துண்டுகள் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதே பொருந்துகிற விளக்கம். சுற்றிலும் இருந்த அழற்சியும் துணை செய்திருக்கலாம்.

இதை நேரடியாகச் சோதித்தது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயின் குழு. மரபணு மாற்றம் எதுவும் இல்லாத சாதாரண எலிகளின் மூளையில், ஓரிடத்தில் மட்டும் நொறுக்கிய இழைகளைச் செலுத்தினார்கள். மாதங்கள் செல்லச் செல்ல, அந்த இடத்தோடு நரம்பிணைப்பு உள்ள பகுதிகளில் வரிசையாகக் கட்டிகள் தோன்றின. கருந்திட்டுச் செல்கள் செத்தன. எலிகளின் உடலியக்கம் தடுமாறியது. 2012-இல் வந்த முடிவு இது. ஆல்ஃபா சைனியூக்ளின் மரபணுவை நீக்கிவிட்ட எலிகளில் இதே இழைகள் ஒன்றும் செய்வதில்லை. செலுத்திய துண்டு வித்து மட்டுமே. கட்டியாவது அந்தச் செல்லின் சொந்தப் புரதம்.

இணைப்புள்ள எல்லாப் பகுதிகளுக்கும் இது ஒரே வேகத்தில் பரவுவதில்லை. சில பகுதிகள் நெருக்கமான இணைப்பு இருந்தும் தப்பிவிடுகின்றன. ஆகவே துண்டு வந்து சேர்வதும் வேண்டும். வந்த இடத்தில் அழிக்கும் திறன் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி, மேடையில் அடிக்கடி என்னைக் கேட்கும் கேள்வி: அந்த உருண்டைதான் செல்லைக் கொல்கிறதா? நேரடியாக ஆம் என்று சொல்ல முடியாது. நோயாளியின் கருந்திட்டில் எந்த நேரத்திலும் நூற்றுக்குச் சில செல்களில் மட்டுமே உருண்டை தென்படும். சாவோ பல மடங்கு அதிகம். பார்க்கின் என்ற மரபணு பழுதானதால் இளம் வயதிலேயே நோய் வந்த பலரின் மூளையில் உருண்டையே இல்லை. நோய்க்கு வேறு வழிகளும் உண்டு என்று இதற்குப் பொருள். 2019-இல் பாசல் நகர ஆய்வாளர்கள் லூயி உருண்டைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, பலவற்றுக்குள் இழைகளைவிட உடைந்த சவ்வுகள், நுண்பைகள், மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள், லைசோசோம்கள் ஆகியவை நெரிந்து கிடப்பதைக் கண்டார்கள்.

உருண்டையாகத் திரள்வதற்கு முன்பு, சில பத்துச் சங்கிலிகள் மட்டும் சேர்ந்த சிறு கூட்டங்கள் ஒரு கட்டத்தில் இருக்கின்றன. அவை சவ்வுகளைத் துளைக்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கின்றன என்பதற்குச் சோதனைச் சாலைச் சான்று நிறைய. அவற்றை ஒன்றாகத் திரட்டி ஒரு மூலையில் ஒதுக்கச் செல் செய்யும் முயற்சியாகவும் உருண்டை இருக்கலாம். ஹண்டிங்டன் நோயில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது: சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் ஃபிங்க்பெய்னர் குழுவினர் 2004-இல் ஒவ்வொரு நரம்புச் செல்லையும் நாட்கணக்கில் தொடர்ந்து படமெடுத்தார்கள். கட்டி உண்டான செல்கள், உண்டாகாத செல்களைவிட நீண்ட நாள் பிழைத்தன. பார்க்கின்சனில் விடை இன்னும் முடிவாகவில்லை. சிறு கூட்டங்களே பெரிய கேடு செய்கின்றன, உருண்டை அந்தப் போராட்டம் நடந்த இடத்தின் அடையாளம் என்ற பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் நாரின் உள்ளே சேரும் இழைகள் போக்குவரத்தை மறித்துத் தாமும் கேடு செய்கின்றன என்பதை மறுக்கவில்லை.

இந்த அறிவால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. நோயறிவதில் உண்மையான முன்னேற்றம் கிடைத்திருக்கிறது. சற்று முன் சொன்ன சோதனைத் தட்டையே நினைத்துப் பாருங்கள். தூய புரதக் கரைசலில், நொறுக்கிய இழைக்குப் பதில் நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் சில துளிகள் சேர்த்துக் குலுக்குகிறோம். அதில் இழைத் துண்டு இருந்தால் கோடு சீக்கிரம் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. உலகின் பல மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் செய்து 2023-இல் வெளியிட்ட முடிவில், பார்க்கின்சன் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரிடம் கோடு ஏறியது. மீதிப் பேரில், உருண்டை பல நேரம் காணப்படாத ஒரு மரபணு வகையினர் கணிசம். மோப்பத்திறன் குறைந்தவர்கள், கனவில் கைகால் வீசுபவர்கள் சிலரிடம் நடுக்கம் தொடங்கும் முன்பே ஏறியது. ஆம், இல்லை என்பதை இந்தச் சோதனை நன்றாகச் சொல்கிறது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை நம்பத்தக்க வகையில் இன்னும் சொல்வதில்லை.

மருந்தில் இப்படிச் சொல்ல முடியவில்லை. செல்லுக்கு வெளியே பயணம் செய்யும் துண்டுகளைப் பிடிக்கச் செய்த எதிர்ப்பொருள்கள் இரண்டின் சோதனை முடிவுகள் 2022-இல் வந்தன. ஓராண்டில் இரண்டுமே நோயின் போக்கை மாற்றவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. நோய் தெரியவரும்போதே கருந்திட்டுச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கிறது. இருப்பவற்றின் கட்டி உள்ளே இருக்கிறது. எதிர்ப்பொருள் வெளியே நிற்கிறது. அயோவா குடும்பமும் கோஷே குடும்பங்களும் காட்டும் வழி வேறு: புரதம் செய்யப்படும் அளவைக் குறைப்பது, லைசோசோமைத் தேற்றுவது. முதலாவதற்கு, மரபணுவின் செய்தியை இடைமறிக்கும் சிறு மூலக்கூறுகள் சோதனையில் உள்ளன. ஆனால் அந்தப் புரதத்துக்கு அதன் சொந்த வேலையும் இருக்கிறது; எவ்வளவு குறைத்தால் தீங்கில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும்.

இரண்டாவதற்கான ஒரு மருந்து உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கலாம். அம்ப்ராக்சால், சளியை இளக்க இருமல் மருந்துகளில் சேர்ப்பது. குளூக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியைத் தாங்கிப் பிடித்து லைசோசோமுக்குக் கொண்டு சேர்க்க அது உதவுகிறது. லண்டனில் 17 பேரிடம் செய்து 2020-இல் வெளியான சிறு சோதனை, அந்த மருந்து மூளையைச் சூழ்ந்த நீர்வரை போய்ச் சேர்கிறது, அங்கே நொதியின் அளவு கூடுகிறது என்று காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு அதில் இல்லை. எனவே நோய் மட்டுப்பட்டதா என்பதை அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. அதற்கான பெரிய சோதனையில்தான் இப்போது இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சிறு சோதனையில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 1,260 மில்லிகிராம். இருமலுக்கு ஒரு நாளில் கொடுக்கும் அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இதைக் கேட்டுவிட்டுப் போகும் வழியில் யாரும் பாட்டில் வாங்கிக் குடிக்கத் தொடங்கிவிடக் கூடாது. வீட்டில் பார்க்கின்சன் உள்ளவர்கள் இருந்தால் அவர்களின் நரம்பியல் மருத்துவரிடம், நொதியின் மரபணுவைச் சோதித்துப் பார்ப்பது இவருக்குப் பயனுள்ளதா என்று கேளுங்கள்.